முன்பின் தெரியாத முதலீட்டாளருக்கு முதல் மெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி பக்கத்தில் சிறு விவசாயிகளிடம் கையால் பறித்த கொழுந்து வாங்கி, இலையை உருட்டி ஆர்த்தடாக்ஸ் டீ செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. பெரும்பாலும் கஃபேக்களுக்கும் ஹோட்டல்களுக்கும் விற்கிறோம். யாரென்றே தெரியாத ஒருவருக்கு மெயில் எழுதி, அதன் மூலம் முதலீடு வாங்கினோம் என்று தெரிந்த பிறகு குன்னூர், கூடலூர், கொடைக்கானல் என்று பல பக்கமிருந்தும் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

அறிமுகமே இல்லாம மெயில் போட்டா யாராவது படிப்பாங்களா அண்ணா? ஆளைப் பிடிச்சுப் போனாத்தானே காரியம் நடக்கும்?

உங்களுக்கும் அவருக்கும் பொதுவாக ஒருவர் இருந்தால் அந்த வழியிலேயே போங்கள், அதுதான் நல்லது. எனக்கு அப்படி யாரும் இல்லை. மலையில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் தோட்டக்காரர்கள், ஃபேக்டரிக்காரர்கள், ரிசார்ட் நடத்துபவர்கள். முதல் தடவை 14 பேருக்கு அனுப்பினேன், ஒரு பதில் கூட இல்லை. ஒரு வருடம் கழித்து முழுக்க மாற்றி எழுதி 11 பேருக்கு அனுப்பியதில் நான்கு பதில் வந்தது, இரண்டு பேர் கோத்தகிரிக்கே வந்து பார்த்தார்கள், அதில் ஒருவர் தன் நண்பரையும் சேர்த்துக்கொண்டு பணம் போட்டார். நடுவில் விற்பனை கூடியிருந்தது, ஆனால் தொழில் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. முழுக்க மாறியது கடிதமும் அனுப்பிய ஆட்களும்தான்.

யாருக்கு அனுப்பறதுன்னு எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?

முதல் 14 பேரில் பத்துக்கும் மேல் வென்ச்சர் ஃபண்டுகள். அது என் தப்பு. பத்து ஸ்டார்ட்அப்பில் பணம் போட்டால் ஏழெட்டு போய்விடும், மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பல மடங்கு வளர்ந்து மொத்தத்தையும் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. கொழுந்து வரத்து, ஈரப்பதம், ஆள் கூலி என்று கட்டுப்பட்டு ஓடும் ஒரு டீ யூனிட் அந்தக் கணக்கில் உட்காராது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் உட்காராது.

இரண்டாவது தடவை தனி ஆட்களாகத் தேடினேன். உணவு, காபி, மசாலா தொழிலில் ஏற்கனவே ஏதாவது ஒரு சின்ன நிறுவனத்தில் சொந்தப் பணம் போட்டவர்கள், அதுவும் கோவை, சென்னை, பெங்களூரில் இருப்பவர்கள். ஒவ்வொருவரும் எதில் போட்டிருக்கிறார், ஏன் போட்டேன் என்று எங்காவது பேசியிருக்கிறாரா என்று படித்துவிட்டுத்தான் எழுதினேன். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் கடிதத்தில் ஒரே ஒரு வரியாகத்தான் தெரியும், ஆனால் அந்த வரி இல்லை என்றால் மொத்தமாக அனுப்பிய மெயில் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும்.

கடிதத்தையே காட்டுங்களேன்.

முதலில் அனுப்பியதன் ஆரம்பம் இது: "நீலகிரியின் பசுமையான மலைகளில் பிறந்த எங்கள் பிராண்ட், தேநீர் அனுபவத்தையே மாற்றும் கனவோடு பயணிக்கிறது." இப்படியே ஒன்றரைப் பக்கம் போகும். என்ன விற்கிறோம் என்பது மூன்றாவது பத்தியில் வரும், எவ்வளவு பணம் வேண்டும் என்பது எங்கேயும் வராது. "உங்கள் ஆதரவை எதிர்பார்க்கிறோம்" என்று முடித்திருந்தேன். படிப்பவர் இதற்கு என்ன பதில் எழுத முடியும்?

இரண்டாவது கடிதம், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு:

> பொருள்: கோத்தகிரி ஆர்த்தடாக்ஸ் டீ, 12 மாத விற்பனை ரூ.31 லட்சம், ரூ.40 லட்சம் முதலீடு தேடுகிறோம்
>
> வணக்கம் சார்,
>
> ஒரு காபி நிறுவனத்தில் நீங்கள் முதலீடு செய்ததைப் பற்றிப் பேசும்போது, ஹோட்டல்கள் தாமதமாகப் பணம் தருவதுதான் அந்தத் தொழிலின் பெரிய சிக்கல் என்று சொல்லியிருந்தீர்கள். எங்களுக்கும் அதே சிக்கல்தான், அதனால் எழுதுகிறேன்.
>
> கோத்தகிரியில் 25 சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி ஆர்த்தடாக்ஸ் டீ செய்து கஃபேக்களுக்கும் ஹோட்டல்களுக்கும் நேரடியாக விற்கிறோம். கடந்த 12 மாத விற்பனை ரூ.31 லட்சம், அதற்கு முந்தைய 12 மாதம் ரூ.17 லட்சம். கிலோவுக்குச் சராசரியாக ரூ.1,000 கிடைக்கிறது, செலவு ரூ.500. வாடிக்கையாளர்கள் 31 பேரில் 26 பேர் மாதாமாதம் வாங்குகிறார்கள். இப்போதுள்ள மெஷினில் மாதம் 350 கிலோவுக்கு மேல் செய்ய முடியாது.
>
> ரூ.40 லட்சம் தேடுகிறோம். இதைக் கொண்டு 18 மாதத்தில் மாதம் 1,000 கிலோ விற்பனையை எட்டுவது திட்டம். 10 பக்க விவரம் இந்த இணைப்பில் இருக்கிறது.
>
> அடுத்த வாரம் 20 நிமிடம் போனில் பேச முடியுமா? செவ்வாய் அல்லது வியாழன் காலை எனக்கு வசதி.

அவ்வளவுதான். போனில் ஒரு தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிடும் நீளம். கடைசி வரியைக் கவனியுங்கள், அங்கே நான் பணம் கேட்கவில்லை, 20 நிமிடம் கேட்கிறேன். 40 லட்சத்துக்குச் சரி சொல்ல யாராலும் ஒரு மெயிலில் முடியாது, ஆனால் வியாழக்கிழமை காலைக்குச் சரி சொல்ல முடியும். ஆனாலும் தொகையைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஐந்து லட்சம் போடுபவரா ஐந்து கோடி போடுபவரா என்பதைப் பொறுத்துத்தான் அவர் மேலே படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

என் விற்பனை ரொம்பக் கம்மி. நல்லாப் போன மாசத்தை 12 ஆல பெருக்கிப் போடலாமா?

போடாதீர்கள். இதை நான் செய்துவிட்டேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் கடிதம் எழுதியபோது எங்கள் 12 மாத விற்பனை 17 லட்சம். அந்த வருடம் நல்ல சீசனில் ஒரு மாதம் மட்டும் 2.4 லட்சம் போயிருந்தது. அதை 12 ஆல் பெருக்கி "ஆண்டுக்கு 29 லட்சம்" என்று எழுதினேன். மெயிலுக்குப் பதில் வரவில்லை, ஆனால் கோவையில் ஒரு கூட்டத்தில் ஒருவரை நேரில் பார்த்து அதே தாளைக் கொடுத்தேன். ஆர்வமாகத்தான் கேட்டார், கடைசியில் மாதாமாதம் விற்பனையைக் காட்டிச் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல்களை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மாதாமாதம் கூட்டிப் பார்த்தால் 17 வருகிறதே என்று ஒரே ஒரு வரி எழுதினார், அதோடு சரி. நான் விளக்கம் எழுதினேன், அதற்குப் பதில் இல்லை. 17 லட்சம் என்றே முதலில் எழுதியிருந்தால் அவர் பேசியிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மலையில் விளைவதை விற்கும் யாருக்கும் இந்தப் பெருக்கல் பொருந்தாது. டீயில் ஏப்ரல், மே மாதம் கொழுந்து குவியும், டிசம்பர், ஜனவரி உறைபனியில் செடி கருகி வரத்து விழுந்துவிடும். பூண்டு, காரட், காபி எல்லாவற்றுக்கும் அதனதன் காலம் உண்டு. அதனால் கடந்த 12 மாதக் கூட்டுத்தொகை, பக்கத்திலேயே அதற்கு முந்தைய 12 மாதக் கூட்டுத்தொகை, இந்த இரண்டும் போதும். இரண்டு பக்கமும் ஒரே சீசன்கள் வருவதால் வளர்ச்சி நேர்மையாகத் தெரியும். விற்பனையே இல்லாத நிலையில் இருந்தால், எத்தனை பேருக்குச் சாம்பிள் கொடுத்தீர்கள், எத்தனை பேர் காசு கொடுத்து இரண்டாம் முறை வாங்கினார்கள் என்பதைச் சொல்லுங்கள். மறுபடி வாங்கியவர் எண்ணிக்கை ஃபேஸ்புக் லைக்கை விடப் பல மடங்கு கனமானது.

40 லட்சம்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க? நான் சும்மா 50ன்னு போட்டு வெச்சிருக்கேன்.

எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். எங்களுக்கு மாதம் 1,000 கிலோ என்பது இலக்கு. ஒரு வாடிக்கையாளர் சராசரியாக மாதம் 10 கிலோ வாங்குகிறார், அப்படியென்றால் 100 நிரந்தர வாடிக்கையாளர்கள் வேண்டும். கையில் 26 பேர். மிச்சத்தைப் பிடிக்கச் சென்னையில் ஒருவர், பெங்களூரில் ஒருவர் என இரண்டு விற்பனை ஆட்கள், ஒருவர் மாதத்துக்கு இரண்டு புதிய கஃபேக்களைப் பிடித்தால் 18 மாதத்தில் 72. மொத்தம் 98. இது நடக்கக்கூடிய வேகம்தான், ஏனென்றால் நான் தனி ஆளாக, கொழுந்து வாங்குவதையும் பார்த்துக்கொண்டே மாதம் ஒன்று பிடித்திருக்கிறேன்.

இப்போது செலவு. ஆளுக்கு மாதம் 40,000 வீதம் இரண்டு பேருக்கு 18 மாதம், 14.4 லட்சம். சாம்பிள், பயணத்தோடு 16 லட்சம்.

அடுத்தது சுழற்சிப் பணம். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கொழுந்து கொண்டுவரும் அக்காக்களுக்கு நாங்கள் வாராவாரம் கையில் பணம் கொடுத்துவிடுகிறோம், ஹோட்டல்காரர் 60 நாள் கழித்துத் தருகிறார். மாதம் 1,000 கிலோ செய்தால் கிலோவுக்கு 500 வீதம் செலவு மாதம் 5 லட்சம், இரண்டு மாதத்துக்கு 10 லட்சம் வெளியே நிற்கும். ஒரு மாதச் சரக்கு கிடங்கில் இருந்தாக வேண்டும், அது 5 லட்சம். கைக்காவலுக்கு ஒன்று சேர்த்து 16. விற்பனை கூடக்கூடக் கையில் காசு குறையும் தொழில் இது, இதைப் புரிந்து வைத்திருக்கிறோம் என்பதே எங்களோடு பேச வந்தவருக்கு நம்பிக்கை கொடுத்தது.

மெஷினுக்கு 28 லட்சம். இன்னொரு வாட்டும் தொட்டி, ஒரு உருட்டு மெஷின், ஒரு டிரையர். எல்லாவற்றையும் கூட்டினால் 60 வருகிறது, ஆனால் கேட்டது 40. ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

மெஷின் வாங்கறதுக்கு எதுக்குப் பங்கை விக்கணும்? பேங்க்ல லோன் வாங்கலாமே?

சரியான கேள்வி, இதையே முதலீட்டாளரும் கேட்பார். டிரையர் பத்து வருடம் ஓடும், அடமானமாக நிற்கும், மாதாமாதம் காசு சம்பாதிக்கும். அதற்குக் கடன்தான் பொருத்தம். குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் தகுதியுள்ள செலவில் 35%, அதிகபட்சம் 10 லட்சம் வரை, கடனோடு சேர்ந்த மானியமாக வைத்திருந்தார்கள். அது இப்போதும் இருக்கிறதா, உங்கள் பொருளுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் பொருந்துமா என்று வங்கியில் முதலில் கேட்டுவிடுங்கள். நாங்கள் மானியத்தைக் கணக்கில் சேர்க்காமல், 28 லட்சத்தில் 20 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் நாங்கள் போட வேண்டிய தொகை என்று போட்டோம். அந்த 8, சுழற்சிப் பணம் 16, விற்பனைக்கு 16, ஆக 40.

ஆட்களின் சம்பளத்துக்கும் சந்தை பிடிப்பதற்கும் வங்கி கொடுக்காது, அது வீணாகப் போகவும் வாய்ப்பு உண்டு. அந்தத் துணிச்சலுக்குத்தான் முதலீட்டாளரின் பணம். சுழற்சிப் பணத்திலும் ஒரு பகுதியைப் பின்னால் வங்கியின் சிசி கணக்குக்கு, அதாவது வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் கணக்குக்கு, மாற்றிவிடலாம், புதிதாக இருக்கும்போது அவ்வளவு லிமிட் தர மாட்டார்கள்.

கம்பெனி மதிப்பு எவ்வளவுன்னும் முதல் மெயில்லயே போடணுமா?

நான் போடவில்லை. போட்டால் எண்ணைப் பற்றிய பேச்சாக முடிந்துவிடுகிறது. ஆனால் மனதில் ஒரு எண் தயாராக இருக்க வேண்டும், பணம் போடுவதற்கு முந்தைய மதிப்பா பிந்தைய மதிப்பா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு 1.6 கோடி என்று வைத்துக்கொள்வோம். அது முந்தைய மதிப்பு என்றால் 40 லட்சம் சேர்ந்து 2 கோடி ஆகும், அவருக்கு 20% பங்கு. அதே 1.6 கோடியைப் பிந்தைய மதிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டால் 25%. ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதற்கு 5% போகிறது.

மதிப்பை இப்போது பேசாமல் தள்ளிப்போட, கடனாக வாங்கிப் பின்னால் பங்காக மாற்றும் கன்வெர்டிபிள் நோட் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதற்கு மத்திய அரசின் டிபிஐஐடி துறையிடம் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்பாக இருக்க வேண்டும், ஒரு முதலீட்டாளர் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் போட வேண்டும். ஐந்தும் பத்துமாகப் போடுபவர்களிடம் அது நடக்காது.

டெக்கை மெயில்லயே அட்டாச் பண்ணலாமா, லிங்க்கா?

கடிதத்தில் சொன்ன அந்த 10 பக்க விவரம்தான் டெக். சின்ன பிடிஎஃப் என்றால் இரண்டும் சரி. நான் லிங்க் கொடுத்தேன். கொடுத்ததில் ஒரு தவறும் செய்தேன்: முதல் இரண்டு பேருக்குப் போன லிங்க்கைத் திறந்தால் `Request access` என்று திரையில் நின்றிருக்கிறது. மழைக்காலம், எங்கள் பக்கம் கரண்டும் நெட்டும் போய்ப் போய் வந்த நாட்கள், அனுமதி கேட்டு வந்த மெயிலை நான் பார்த்தபோது இரண்டு நாள் கடந்திருந்தது. அப்புறம் பகிர்வை `Anyone with the link` என்று மாற்றினேன். அனுப்பும் முன் உங்கள் கணக்கில் நுழையாத ஒரு பிரவுசர் ஜன்னலில், முடிந்தால் வேறொருவர் போனில், ஒரு தடவை திறந்து பாருங்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய லிங்க் என்பதால் விவசாயிகளின் போன் நம்பர், வாடிக்கையாளர் வாரியான விலை இதெல்லாம் அந்த பிடிஎஃபில் இருக்கக் கூடாது.

தமிழ்ல எழுதலாமா?

அவர் தமிழில் எழுதுபவராக இருந்தால் தாராளமாக. நான்கு பேருக்குத் தமிழில்தான் எழுதினேன். மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில், இதே வரிகள், இதே நீளம். அவர் தன் நண்பருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்ய முடிய வேண்டும், அதை மனதில் வைத்து மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

ஐடியாவை எடுத்துக்கிட்டாங்கன்னா? முதல்ல ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கலாமா?

முதல் மெயிலில் ரகசிய ஒப்பந்தம் கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எங்கள் கடிதத்தில் திருடுவதற்கு ஒன்றும் இல்லை. கொழுந்தை எத்தனை மணி நேரம் வாட்டுகிறோம் என்பது எங்களுக்குள் இருக்கிறது, அதை யாரும் கேட்கவும் இல்லை.

நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப், ஃபேஸ்புக்ல "முதலீடு செய்யுங்க, இவ்வளவு சதவீதம் பங்கு"ன்னு போட்டா வேகமா கிடைக்காதா?

தயவுசெய்து வேண்டாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுவில் பங்குகளை அழைத்து விற்க முடியாது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 42ஆவது பிரிவில் தனிப்பட்ட முறையில், பெயர் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே பங்கு வழங்கலாம், விளம்பரம் செய்யக் கூடாது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகவும் கூடாது. பணம் வங்கி வழியாக வர வேண்டும், கையில் ரொக்கமாக வாங்க முடியாது, வந்த 60 நாளுக்குள் பங்கை ஒதுக்கிவிட வேண்டும். பங்கு ஒதுக்கிய விவரத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் வரை அந்தப் பணத்தைச் செலவழிக்கவும் கூடாது.

தனி ஆளுக்கு எழுதும் அறிமுகக் கடிதத்தில் தொழிலைச் சொல்கிறீர்கள், பேச நேரம் கேட்கிறீர்கள், அது வேறு. நீங்கள் இன்னும் புரொப்ரைட்டர்ஷிப்பாக இருந்தால் கொடுப்பதற்குப் பங்கே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள், கம்பெனியாக மாற்றுகிறோம் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பதிலே வரலைன்னா எத்தனை தடவை கேக்கறது? தொந்தரவுன்னு நினைப்பாங்களோ?

எட்டு பத்து நாள் கழித்து ஒரு தடவை, அதன் பிறகு மூன்று வாரம் விட்டு இன்னொரு தடவை. "என் மெயிலைப் பார்த்தீர்களா" என்று கேட்பதில் பயன் இல்லை, அந்த இடைவெளியில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். நான் பழைய மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதினேன்: வங்கியில் 20 லட்சம் கடனுக்குக் கொள்கை அளவில் சம்மதம் கிடைத்தது, இந்த மாதம் மெஷின் போதாமல் இரண்டு ஹோட்டல் ஆர்டரைத் திருப்பி அனுப்பினோம். வந்த நான்கு பதிலில் இரண்டு இதற்குத்தான் வந்தது. "இப்போது வேண்டாம்" என்று எழுதியவருக்கு நன்றி சொல்லி, ஆறு மாதம் கழித்து எண்களை அனுப்பலாமா என்று கேட்டேன், அனுப்பச் சொன்னார்.

"பேசலாம்"னு பதில் வந்துடுச்சு. இப்ப என்ன தயார் பண்ணி வெக்கறது?

கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாள். 31 லட்சத்துக்கு ஜிஎஸ்டி தாக்கல்களும் வங்கி ஸ்டேட்மெண்ட்டும், 26 வாடிக்கையாளருக்கு மாதவாரியான பில் பட்டியல், 500 ரூபாய் செலவுக்குப் பிரித்த கணக்கு. எங்களுடையது இப்படி இருந்தது: ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ டீ என்று வைத்து, கொழுந்து கிலோ 45 வீதம் 225, கூலியும் கரண்டும் விறகும் 175, பேக்கிங்கும் கூரியரும் 100.

போனில் அவர் முதலில் கேட்டது இந்த 225 பற்றித்தான். கொழுந்து விலை ஏறினால் என்ன செய்வீர்கள் என்றார். கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் எங்களுக்கு 50 ரூபாய் கூடும், 1,000இல் 450தான் நிற்கும், கஃபேக்களுக்கு வருடம் ஒரு தடவைதான் விலை ஏற்ற முடிகிறது, அதனால் அந்தச் சில மாதம் நாங்களே தாங்கிக்கொள்வோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், எந்த நாளில் வந்தால் கொழுந்து எடை போடுவதைப் பார்க்கலாம் என்று கேட்டார்.